அந்தச் சொல் அங்கே ஏன் வந்தது?



பொதுத்தேர்வு நெருங்கும் மாதங்களில் நமக்கு வரும் கடிதங்களின் போக்கு மாறிவிடும். கதைகளைப் பற்றி எழுதுகிறவர்களைவிட, விடை எழுதுவது பற்றிக் கேட்கும் மாணவர்களும் ஆசிரியர்களும் அதிகமாவார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே இடத்தில் முட்டி நிற்கின்றன. முன்பின் படித்திராத ஒரு பாடலையோ உரைநடைப் பத்தியையோ கொடுத்து நயம் பாராட்டச் சொன்னால் மையக்கருத்து, எதுகை, மோனை, அணி எல்லாவற்றையும் எழுதிவிட முடிகிறது. எழுதியவரின் தொனி என்ன என்று சொல்லவேண்டிய இடத்தில்தான் பேனா நின்றுவிடுகிறது. "படிக்கும்போது சோகமாக இருக்கிறது. ஆனால் அது சோகம்தான் என்று எப்படிக் காட்டுவது?" என்று பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடுகிறேன்.

எதுகையும் மோனையும் எழுத்தில் நேராகத் தெரிகின்றன. அடிக்கோடு போட்டுக் காட்டிவிடலாம். தொனி அப்படி ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. அதனால் பலர் கைவசம் வைத்திருக்கும் ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்: "ஆசிரியர் உணர்ச்சி ததும்பும் தொனியில், அழகிய சொற்களைக் கையாண்டு, படிப்போர் மனத்தைத் தொடும் வண்ணம் எழுதியுள்ளார்." இதில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் தாலாட்டு, போர்ப்பாட்டு, இரங்கற்பா என எதன் கீழும் இதை எழுதலாம். எல்லாப் பாடலுக்கும் பொருந்துகிற வாக்கியம், இந்தப் பாடலைப் படித்ததற்குச் சாட்சி ஆகாது. திருத்துகிறவர் அங்கே மதிப்பெண் போடத் தயங்குவது அதனால்தான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். பேசப்படும் பொருள் வேறு, பேசுகிறவரின் தொனி வேறு. ஒருவர் இறந்த செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 'காலமானார்' என்றால் நாளிதழின் அடக்கமான மரியாதை. 'இறைவனடி சேர்ந்தார்' என்றால் குடும்பத்தாரின் பக்தி. 'போய்விட்டார்' என்றால் இழப்பு இன்னும் ஆறவில்லை. 'செத்தான்' என்றால் வெறுப்பாகவும் இருக்கலாம், கதைசொல்லி வேண்டுமென்றே பூச்சு இல்லாமல் சொல்வதாகவும் இருக்கலாம். நான்கிலும் செய்தி ஒன்றுதான். சாவைப் பற்றிய பத்தி என்றதும் 'சோகத் தொனி' என்று எழுதிவிடுகிறவர் பொருளைப் பார்த்திருக்கிறார், சொல்லைப் பார்க்கவில்லை.

இந்தத் தடுமாற்றம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல. 1920களில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர் கேம்பிரிட்ஜில் தம் மாணவர்களுக்குக் கவிஞர் பெயர் இல்லாமல் கவிதைகளைக் கொடுத்துக் கருத்தெழுதச் சொன்னார். நன்கு படித்தவர்கள்கூடக் கவிதையில் இருந்த சொற்களைக் கவனிக்காமல், அந்தப் பொருளைப் பற்றித் தங்களிடம் முன்பே இருந்த உணர்ச்சியை எழுதித் தந்தார்கள். அந்த விடைகளை ஆராய்ந்து 1929இல் 'பிராக்டிகல் கிரிட்டிசிசம்' என்ற நூலை அவர் வெளியிட்டார். ஒரு பேச்சின் பொருளை நான்காகப் பிரித்து, அவற்றுள் ஒன்றாகத் தொனியை வைத்தார். கேட்பவரிடம் பேசுபவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதே அவருக்குத் தொனி. இன்றைய தேர்வறையில் அதை இன்னும் சற்று விரித்து, எழுதுகிறவர் தம் பொருளிடமும் வாசகரிடமும் கொள்ளும் மனநிலை என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி ஒரு பத்தியை எடுத்துச் செய்து பார்ப்போம். இந்தப் பக்கத்துக்காகவே எழுதியது இது:

"மாமா ஊருக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் எழுந்தருளுவார். திண்ணையில் அமர்ந்ததும், அப்பா வாங்கிய நிலம் பள்ளத்தில் இருப்பதையும் அம்மா வைத்த குழம்பில் உப்பு ஒரு கல் கூடிவிட்டதையும் அறிவித்தருள்வார். புறப்படுகிற அன்று மட்டும், யாரும் பார்க்காதபோது என் சட்டைப்பையில் ஒரு பத்து ரூபாயைத் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடப்பார். அந்தத் தாள் நாலாக மடிந்து, அவர் மடியின் சூட்டோடு இருக்கும்."

முதல் வாசிப்பில் உதடு லேசாக விரிகிறது. கடைசி வரியில் ஏதோ இளகுகிறது. இந்த உணர்வை நம்புங்கள், ஆனால் உடனே எழுதிவிடாதீர்கள். அதை உண்டாக்கிய சொல் எது என்று தேடுவதுதான் அடுத்த வேலை. அதற்கு எளிய வழி ஒன்று உண்டு. சற்றே உறுத்துகிற ஒரு சொல்லை எடுத்துவிட்டு, அதே செய்தியைச் சொல்லும் வேறு சொற்களை அங்கே வைத்துப் பாருங்கள்.

'எழுந்தருளுவார்' என்பதில் தொடங்குவோம். அங்கே 'தங்குவார்' என்று போட்டால் வெறும் தகவல். 'வந்து இறங்குவார்' என்றால் அவர் வருகையில் கொஞ்சம் ஆர்ப்பாட்டம் தெரிகிறது. 'வந்து தொலைவார்' என்றால் வீட்டாருக்கு அவரைக் கண்டால் ஆகாது. எழுதியவர் இந்த மூன்றையும் விட்டுவிட்டு, கோயில் திருவிழா அழைப்பிதழில் சுவாமிக்குப் போடும் வினையைத் திண்ணையில் வந்து உட்காரும் மாமாவுக்குக் கொடுத்திருக்கிறார். ஆளுக்கு மீறிய சொல். ஆள் ஓரிடத்திலும் சொல் வேறோர் உயரத்திலும் நிற்கின்றன. அந்த இடைவெளியில்தான் கேலி பிறக்கிறது.

இங்கே ஒரு சொல்லோடு நின்றுவிடக் கூடாது. ஒரு சொல் தற்செயலாக வந்திருக்கலாம். அதே பக்கம் இழுக்கும் இரண்டாவது சொல் கிடைத்தால்தான் அது எழுதியவரின் நோக்கம் என்று துணிந்து சொல்லலாம். இந்தப் பத்தியில் அது கிடைக்கிறது. 'அறிவித்தருள்வார்' அதே உயரத்திலிருந்து வருகிறது. அவர் அறிவிக்கும் சங்கதியோ குழம்பில் கூடிப்போன ஒரு கல் உப்பு. பெரிய வினை, சிறிய பொருள். முதல் வாக்கியத்தில் கண்ட அதே இடைவெளி இரண்டாவதிலும் இருக்கிறது. இப்போது நம்மிடம் இரண்டு சான்றுகள் இருக்கின்றன.

கேலி என்று உறுதியாகிவிட்டது. எத்தகைய கேலி? இதற்கு விடை, பத்தியில் வராத சொற்களில் இருக்கிறது. 'அந்த மனுஷன்', 'ஆசாமி' என்றெல்லாம் அவரைக் குறிக்க இடம் இருந்தும், எழுதியவர் 'மாமா' என்ற உறவுமுறையையே வைத்திருக்கிறார். அவரைக் குறிக்கும் வினைமுற்றுகள் எல்லாம் மரியாதை விகுதியோடு முடிகின்றன. 'எங்கள் வீட்டில்தான்' என்பதிலுள்ள 'தான்', ஊரில் வேறு வீடுகள் இருந்தும் அவர் எங்களிடமே வருகிறார் என்ற ஒரு சின்னப் பெருமையைச் சொல்கிறது. ஆக, இது தாழ்த்திப் பேசும் ஏளனம் இல்லை. உரிமை உள்ளவர்கள் செய்யும் கேலி.

மூன்றாவது வாக்கியத்தில் 'மட்டும்' என்ற சொல் வருகிறது. தொனி திரும்பும் கீல் அதுதான். அந்த இடத்திலிருந்து பெரிய சொற்கள் எல்லாம் மறைந்துவிடுகின்றன. கேலியைத் தொடர விரும்பியிருந்தால் 'பத்து ரூபாய் வழங்கியருள்வார்' என்று எழுத எல்லா வசதியும் இருந்தது. எழுதியவர் அதைச் செய்யவில்லை. 'கொடுத்துவிட்டு' என்றும் சொல்லாமல் 'திணித்துவிட்டு' என்கிறார். கொடுப்பது இயல்பான செயல். திணிப்பதில் அவசரம் இருக்கிறது, மறுக்க விடாத பிடிவாதம் இருக்கிறது, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்ற கூச்சமும் இருக்கிறது. எல்லாவற்றையும் சபையில் அறிவிக்கிற மனிதர், அன்பை மட்டும் அறிவிக்கத் தெரியாதவர் என்று அந்த ஒரு சொல் காட்டிவிடுகிறது. நாலாக மடிந்த தாளும் அதிலிருக்கும் சூடும், அந்தப் பணம் கொடுப்பதற்காகவே இடுப்பில் முடிந்து வைத்திருந்தது என்று சொல்லாமல் சொல்கின்றன.

இனி பெயர் வைக்கவேண்டும். இங்கேதான் பலருக்குச் சொல் பற்றாமல் போகிறது. மகிழ்ச்சி, சோகம், கோபம் என்ற மூன்றையே வைத்துக்கொண்டு எல்லாத் தொனியையும் அளக்கப் பார்க்கிறார்கள். தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் தோன்றுவதற்கு நான்கு நிலைக்களன்கள் சொல்கிறது. ஒருவர் சிரிக்கிறார் என்பதோடு அதற்கு விஷயம் முடிந்துவிடவில்லை. பிறரை எள்ளிச் சிரிக்கிறாரா, குழந்தைத்தனத்தைக் கண்டு சிரிக்கிறாரா என்றும் கேட்கிறது. நாமும் அப்படிக் கேட்கலாம். கேலி என்றால் நெருக்கம் இருக்கிறது. ஏளனம் என்றால் மேலிருந்து கீழே பார்க்கும் பார்வை. அங்கதம் என்றால் ஒரு குறையைச் சாடித் திருத்தும் நோக்கம் தெரியவேண்டும். சோகத்திலும் அப்படியே: கைவிட்டுப் போனதை நினைத்துத் தவித்தால் ஏக்கம், செய்ய முடியாமல் போனதை நினைத்து வெந்தால் ஆற்றாமை, இனி எதிலும் பிடிப்பில்லை என்றால் விரக்தி. கோபம் வெடித்தால் ஆவேசம், உள்ளுக்குள் அடங்கிப் புகைந்தால் பொருமல்.

ஒரே சொல்லில் அடங்காவிட்டால் இரண்டைச் சேர்த்து எழுதுங்கள்; ஆனால் அவற்றுக்குள் உறவு என்ன என்று சொல்லிவிடுங்கள். 'கேலியும் பாசமும் உள்ள தொனி' என்றால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. 'பாசத்தை உள்ளே வைத்துக்கொண்ட கேலி' என்றால் எது மேலே தெரிகிறது, எது அடியில் ஓடுகிறது என்பது விளங்குகிறது. தொனி நடுவில் மாறினால் அந்தத் திருப்பத்தையும் எழுதுங்கள். பத்தி முழுவதற்கும் ஒரே பெயர் ஒட்டுகிற விடையைவிட, எங்கே மாறுகிறது என்று விரல் வைத்துக் காட்டுகிற விடைக்கு வலு அதிகம்.

இப்போது விடைத்தாளில் இது எப்படி அமையவேண்டும் என்று பார்ப்போம். ஒரு மாணவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"ஆசிரியர் மாமாவைப் பற்றி நகைச்சுவைத் தொனியில் எழுதியுள்ளார். 'எழுந்தருளுவார்', 'அறிவித்தருள்வார்', 'திணித்துவிட்டு' போன்ற சொற்கள் இதைக் காட்டுகின்றன. இறுதியில் தொனி உருக்கமாக உள்ளது."

சரியான சொற்களைத்தான் எடுத்திருக்கிறார். ஆனால் அவற்றை வரிசையாக வைத்துவிட்டு, 'காட்டுகின்றன' என்று முடித்துவிட்டார். எப்படிக் காட்டுகின்றன என்பதைத் திருத்துகிறவரே ஊகித்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. தவிர, 'திணித்துவிட்டு' நகைச்சுவைக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. அதே சொற்களை வைத்து இன்னொருவர் எழுதுவதைப் பாருங்கள்:

"மாமாவை ஆசிரியர் பாசம் விலகாத கேலியோடு அறிமுகப்படுத்துகிறார். தெய்வத்தின் வருகைக்கு வழங்கும் 'எழுந்தருளுவார்' என்ற சொல்லைத் திண்ணையில் வந்து அமரும் உறவினருக்குத் தருவதும், குழம்பின் உப்புக்கு 'அறிவித்தருள்வார்' என்று எழுதுவதும், அவர் தமக்குத் தாமே கொடுத்துக்கொள்ளும் பெருமையைப் பெரிதாக்கிச் சிரிக்க வைக்கின்றன. ஆயினும் 'மாமா' என்ற உறவுச்சொல் மாறாமல் நிற்பதால் இது ஏளனமாகவில்லை. 'மட்டும்' என்ற இடத்தில் தொனி திரும்புகிறது. உயர்ந்த சொற்கள் மறைந்து, 'திணித்துவிட்டு' என்ற எளிய வினை வருகிறது; 'கொடுத்துவிட்டு' என்பதில் இல்லாத அவசரமும் கூச்சமும் அதில் உள்ளன. இதனால் கேலி நெகிழ்ச்சியாகிறது."

இரண்டாவது விடையின் நடையைக் கவனியுங்கள். தொனியின் பெயர் முதல் வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. பிறகு சொல் வருகிறது, அதன் வழக்கமான இடம் எது என்று வருகிறது, இங்கே அது என்ன செய்கிறது என்று வருகிறது. மேற்கோள்கள் எல்லாம் ஒற்றைச் சொற்கள்; பத்தியிலிருந்து ஒரு முழு வாக்கியத்தைக்கூட எடுத்து எழுதவில்லை. 'அழகாக', 'அருமையாக' என்ற பாராட்டும் இல்லை. பெயர், சொல், அதன் வழக்கமான இடம், இங்கே அதன் வேலை என்ற இந்த நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால், உங்கள் கருத்தோடு முழுவதும் ஒத்துப்போகாத திருத்துநர்கூட நீங்கள் அங்கே எப்படி வந்து சேர்ந்தீர்கள் என்பதை ஒப்புக்கொள்வார்.

தவறும் இடங்கள் மூன்றைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, அளவுக்கு மீறிப் படிப்பது. நம் பத்தியில் 'மடி' என்று வருகிறது. உடனே 'தாய்மடியை நினைவூட்டுகிறது' என்று எழுத ஆசை வரும். இங்கே மடி என்பது வேட்டியில் பணம் முடியும் இடம். பத்தியில் வேறெங்கும் தாய்மையைத் தொடும் சொல் இல்லை. துணைக்கு இன்னொரு சொல் கிடைக்காத ஊகத்தை விட்டுவிடுவதே நல்லது.

இரண்டாவது, காலத்தையும் வழக்கையும் மறப்பது. 'எழுந்தருளினார்' என்ற இதே சொல் தலபுராணத்தில் வந்தால் அது நேரான பக்தி. கேலி துளியும் இல்லை. நூறு ஆண்டுக்கு முந்தைய உரைநடையில் வடசொற்கள் நிறைந்திருந்தால் அது அன்றைய இயல்பான நடை. அதைப் பகட்டான தொனி என்று எழுதக் கூடாது. வட்டார வழக்கில் எழுதிய கதையில் 'வந்தான், போனான்' என்று இருப்பதாலேயே அவமதிப்பு ஆகிவிடாது. ஒரு சொல் அந்தப் படைப்பின் பொது நடையிலிருந்து விலகி நிற்கிறதா என்றுதான் பார்க்கவேண்டும். மற்றச் சொற்களோடு ஒட்டிப்போகிற சொல், தொனிக்குத் தனிச் சான்று ஆகாது.

மூன்றாவது, பேசுகிறவர் யார் என்று பாராமல் எழுதுவது. சங்க அகப்பாடல்களில் பேசுவது தலைவியாக இருக்கலாம், தோழியாக, செவிலியாக இருக்கலாம். யார், யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது என்பதைப் பாடலின் கீழுள்ள துறைக்குறிப்பு சொல்லும். தோழி தலைவனைக் கடிந்துகொண்டால் அந்தக் கண்டிப்பு தோழியுடையது. 'புலவர் சினந்து கூறுகிறார்' என்று எழுதினால் விடை தடம் மாறிவிடும். கதையிலும் அப்படித்தான். நம் பத்தியில் பேசுவது சட்டைப்பையில் பத்து ரூபாய் பெற்ற ஒரு பிள்ளை, வளர்ந்தபின் நினைத்துப் பார்க்கும் குரல். ஐயம் இருந்தால் 'கதைசொல்லியின் தொனி' என்று எழுதுங்கள். யாரும் குறை சொல்ல முடியாது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் தொனிகளின் பட்டியலை மனப்பாடம் செய்யக் கொடுப்பதற்கு முன்னால், ஒரு பத்தியில் ஒரே ஒரு சொல்லை மாற்றிக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். என்ன மாறியது என்று மாணவர்களே சொல்லட்டும். மாறியதற்கு அவர்கள் வைக்கும் பெயர் முதலில் கரடுமுரடாக இருக்கும். 'ஒரு மாதிரி நக்கலா இருக்கு சார்' என்பார்கள். அந்த 'நக்கல்' எந்தச் சொல்லால் வந்தது என்று கேளுங்கள். விடைத்தாளுக்கு ஏற்ற சொல்லைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்ட மாணவிக்கும் உங்கள் எல்லோருக்கும் ஒரு பயிற்சி தருகிறேன். இதுவும் இந்தப் பக்கத்துக்காகவே எழுதிய பத்தி:

"தாத்தாவின் கண்ணாடியைப் பெட்டியில் வைத்தோம். செருப்பை மாடிப்படிக்குக் கீழே வைத்தோம். கைத்தடியைக் கதவுக்குப் பின்னால் வைத்தோம். வானொலிப் பெட்டியை மட்டும் பாட்டி எடுக்க விடவில்லை. காலைச் செய்தி நேரத்துக்கு அதைத் திருகிவிட்டு, இரண்டு டம்ளர்களில் காபி ஊற்றுகிறாள்."

இதில் அழுகையைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. 'சோகத் தொனி' என்று எழுதினால் அது பொருளைச் சொன்னதாகத்தான் ஆகும். மூன்று முறை வரும் 'வைத்தோம்' எந்த வகையான குரலை உண்டாக்குகிறது? 'மட்டும்' இங்கேயும் வருகிறது. மாமாவின் பத்தியில் செய்த அதே வேலையைத்தான் செய்கிறதா? மற்ற வினைகள் இறந்தகாலத்தில் இருக்க, கடைசி வினை மட்டும் ஏன் நிகழ்காலத்தில் வருகிறது? 'இரண்டு' என்பதை எடுத்துவிட்டால் பத்தியில் என்ன மிஞ்சும்?

பன்னிரண்டு வரிக்கு மிகாமல் விடை எழுதி அனுப்புங்கள். தொனிக்கு நீங்கள் வைக்கும் பெயரை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். அதற்குக் குறைந்தது இரண்டு சொற்களைச் சான்றாகக் காட்டுங்கள். ஒரே பத்திக்கு இருவர் வெவ்வேறு பெயர் வைத்து, இருவரும் சான்றோடு எழுதியிருந்தால், அந்த இரண்டு விடைகளையும் அடுத்த இதழில் பக்கத்தில் பக்கத்தில் வெளியிட விரும்புகிறேன். எது வலுவானது, ஏன் என்பதையும் அங்கேயே பேசலாம்.

அன்புடன்,
ஆசிரியர்